பல மாதங்களாக வங்கிக்கு வராத காசோலைகள்: கணக்கில் திருப்பி எழுதுவதும் சரிக்கட்டும் பட்டியலைச் சீர்செய்வதும்

வங்கிச் சரிக்கட்டும் பட்டியலில், விடுத்தும் வங்கிக்கு வராத காசோலைகள் என்ற தலைப்பின் கீழ் அதே காசோலை எண்கள் மாதந்தோறும் இடம்பெற்று வருமானால், அந்தப் பட்டியல் கூட்டல் கழித்தலில் பொருந்தினாலும் கணக்கு சரியாக இருக்கிறது என்று சொல்வதற்கில்லை. காசோலை எழுதிய நாளில் கடனீந்தவர் கணக்கில் பற்றும் வங்கிக் கணக்கில் வரவும் வைத்து விடுகிறோம். அந்தக் காசோலை வங்கிக்குப் போகாமலே காலாவதியாகிவிட்டால் பணம் வங்கியிலேயே இருக்கிறது. கடனும் தீராமல் இருக்கிறது. நம் புத்தகமோ இரண்டும் போய்விட்டதாகக் காட்டிக்கொண்டிருக்கும். எனவே வங்கி இருப்பும் பொறுப்பும் ஒரே தொகையால் குறைவாகத் தெரியும். இதைச் சரிசெய்யும் பதிவைத்தான் ரைட் பேக் என்றும், திருப்பி எழுதுதல் என்றும் கணக்கர்கள் சொல்கிறார்கள்.

காசோலை காலாவதியாவதால் கடன் காலாவதியாவதில்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். காசோலை பணம் செலுத்துவதற்கான ஒரு கருவி மட்டுமே. அது பயனற்றுப் போனால், அது தீர்க்கவிருந்த கடன் பழைய இடத்துக்குத் திரும்பி வந்து நிற்கிறது. ஆகவே திருப்பி எழுதும்போது வங்கிக் கணக்கில் பற்று வைத்து, வரவைப் பொறுப்புக் கணக்கு ஒன்றில்தான் வைக்க வேண்டும். இந்த இடத்தில் 'இதர வருமானம்' என்ற கணக்கைத் தேடிப் போவதுதான் இந்த வேலையில் நிகழும் மிகப் பெரிய தவறு. வேறு பல தவறுகள் பட்டியலை மட்டுமே குழப்பும். இந்தத் தவறோ இலாபத்தையே பொய்யாக்கும்.

எப்போது காலாவதி

இது நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் 2012 ஏப்ரல் 1 முதல், ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தலின்படி, காசோலை அதில் எழுதப்பட்ட தேதியிலிருந்து 3 மாதங்கள் வரை செல்லும். அதற்கு முன்பு அது 6 மாதங்களாக இருந்தது. பிரிட்டனில் 6 மாதத்துக்கு மேற்பட்ட காசோலையைத் திருப்பி அனுப்புவது வங்கிகளின் பொது வழக்கம். அமெரிக்காவின் சீரான வணிகச் சட்டத் தொகுப்பில் 4-404ஆம் பிரிவு, 6 மாதம் கடந்த காசோலைக்குப் பணம் கொடுக்க வங்கி கடமைப்பட்டதல்ல என்று சொல்கிறது. ஆனால் நல்லெண்ணத்தோடு கொடுத்துவிட்டால் அந்தத் தொகையை வாடிக்கையாளர் கணக்கில் பற்று வைக்கலாம் என்றும் அதே பிரிவு அனுமதிக்கிறது. இந்த இரண்டாம் பகுதி நமக்கு முக்கியமானது. காலக்கெடு முடிந்துவிட்டதாலேயே அந்தக் காசோலைக்கு இனிப் பணம் போகாது என்று எல்லா இடத்திலும் நம்பிவிட முடியாது.

காலக்கெடு முடியும் வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வகையும் உண்டு. எழுதிக் கையொப்பமிட்டும் அனுப்பாமல் அலுவலக இழுப்பறையில் கிடக்கும் காசோலை, தேதி நேற்றையதாக இருந்தாலும், செலுத்துகை ஆகாது. பெறுநர் கைக்கு அது போய்ச் சேரவே இல்லை. கணக்கு முடிக்கும் நாளில் அப்படிக் கையிலிருக்கும் காசோலைகளை எடுத்து எண்ணி, அன்றைய தேதியிலேயே திருப்பி எழுத வேண்டும். ஆண்டு முடிவில் கடன்களைக் குறைத்துக் காட்டுவதற்காகக் காசோலைகளை எழுதி வைத்துக்கொண்டு அடுத்த மாதம் அனுப்பும் பழக்கம் சில இடங்களில் உண்டு என்பதால், தணிக்கையாளர்கள் இதைத் தனியாகவே கேட்பார்கள்.

முதல் படி: உண்மையிலேயே வங்கிக்கு வரவில்லையா

பழைய காசோலை என்றவுடன் பதிவு எழுத உட்கார்ந்துவிடக் கூடாது. பட்டியலில் நிற்கும் பழைய எண்களில் ஒரு பகுதி, காலாவதியானவையாக இல்லாமல், தவறாகப் பதியப்பட்டவையாகவோ தவறாகப் பொருத்தப்பட்டவையாகவோ இருக்கும். அவற்றைத் திருப்பி எழுதினால் இல்லாத பணத்தை வங்கிக் கணக்கில் ஏற்றியதாகிவிடும்.

ஒவ்வொரு காசோலைக்கும், அதன் தேதியிலிருந்து இன்று வரையிலான வங்கி அறிக்கை முழுவதிலும் தேட வேண்டும். தொகையைக் கொண்டு தேடாமல் எண்ணைக் கொண்டு தேடுவது நல்லது. எண்ணின் முன்னால் வரும் சுழியங்களை வங்கி அறிக்கை சில சமயம் விட்டுவிடும் என்பதால் கடைசி நான்கு இலக்கங்களைக் கொண்டு தேடலாம். நிறுவனத்துக்கு இரண்டு வங்கிக் கணக்குகள் இருந்தால் மற்றக் கணக்கின் அறிக்கையையும் பார்க்க வேண்டும். ஒரு வங்கியின் காசோலைப் புத்தகத்திலிருந்து எழுதிவிட்டு, இன்னொரு வங்கியின் பேரேட்டில் பதிந்திருப்பது அடிக்கடி நடப்பதுதான். அப்படி நடந்திருந்தால் ஒரு பட்டியலில் வராத காசோலையும், மற்றப் பட்டியலில் விளக்கமில்லாத ஒரு வங்கிப் பற்றும் ஒரே தொகையில் நிற்கும். இரண்டு வங்கிக் கணக்குகளுக்கும் இடையே ஒரு மாற்றுப் பதிவு போட்டால் தீர்ந்துவிடும்.

அடுத்து, சரிக்கட்டும் பட்டியலின் மறுபக்கத்தைப் பார்க்க வேண்டும். வங்கி பற்று வைத்தும் நம் புத்தகத்தில் இல்லாத தொகைகள் அங்கே இருக்குமானால், அவற்றில் ஏதாவது ஒன்று நாம் தேடும் காசோலையாக இருக்கலாம். இரண்டு தொகைகளின் வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபட்டால், இலக்கங்கள் இடம் மாறிப் பதியப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

மூன்றாவதாக, பெறுநரின் பேரேட்டைத் திறந்து பார்க்க வேண்டும். காசோலை எழுதிய பிறகு, அதைத் தொலைத்துவிட்டதாக அவர் சொன்னதால் அதே பில்லுக்கு வங்கிப் பரிமாற்றத்தில் பணம் அனுப்பியிருப்பார்கள். காசோலைப் பதிவை மட்டும் யாரும் ரத்து செய்திருக்க மாட்டார்கள். அப்போது அவருடைய கணக்கில், முன்பணம் எதுவும் கொடுக்காமலே, காசோலைத் தொகைக்குச் சமமான பற்று இருப்பு நிற்கும். வழங்குநர் ஒருவரின் கணக்கில் காரணமில்லாத பற்று இருப்பைக் கண்டால், வராத காசோலைகளின் பட்டியலோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல வழக்கம்.

இந்த மூன்று தேடல்களும் முடிந்த பிறகு மிஞ்சுபவைதாம் உண்மையான காலாவதிக் காசோலைகள்.

ஒரு பட்டியலைக் கையில் எடுத்துப் பார்ப்போம்

ஜனவரி முதல் டிசம்பர் வரை கணக்காண்டாகக் கொண்ட ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். 2025 ஜூன் 30 அன்று அதன் புத்தகத்தின்படி வங்கி இருப்பு 3,40,000. வங்கி அறிக்கையின்படி 4,10,310. சரிக்கட்டும் பட்டியல் இப்படி இருக்கிறது:

புத்தகத்தின்படி இருப்பு: 3,40,000
கூட்டுக, விடுத்தும் வங்கிக்கு வராத காசோலைகள்:
எண் 1182, 12.08.2024, அச்சகம்: 18,500
எண் 1207, 30.09.2024, விலகிய ஊழியரின் சம்பளம்: 9,750
எண் 1219, 18.10.2024, சரக்குப் போக்குவரத்து நிறுவனம்: 14,200
எண் 1234, 05.11.2024, எழுதுபொருள் வழங்குநர்: 6,390
எண் 1310, 24.06.2025, வாடகை: 31,000
எண் 1313, 27.06.2025, மூலப்பொருள் வழங்குநர்: 22,400
கூட்டுத் தொகை: 1,02,240
கழிக்க, வங்கியில் போட்டும் இன்னும் வரவாகாத தொகை: 25,000
கழிக்க, வங்கி பற்று வைத்தும் புத்தகத்தில் இல்லாதது, 14.11.2024: 6,930
வங்கி அறிக்கையின்படி இருப்பு: 4,10,310

பட்டியல் பொருந்துகிறது என்பதால் ஏழெட்டு மாதமாக யாரும் இதைத் தொடவில்லை. 1310, 1313 ஆகிய இரண்டும் சில நாள் பழையவை. அவற்றுக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை. மற்ற நான்கும் 6 மாதம் கடந்தவை. ஆனால் நான்கும் ஒரே வகையல்ல.

1234ஆம் எண்ணுக்குரிய தொகை 6,390. புத்தகத்தில் இல்லாத வங்கிப் பற்று 6,930. வித்தியாசம் 540, அது 9ஆல் வகுபடுகிறது. வங்கி அறிக்கையில் அந்தப் பற்றின் எதிரே 1234 என்ற எண் இருக்கிறது. காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டையில் 6,930 என்றே எழுதியிருக்கிறது. பில்லும் அதே தொகைக்குத்தான். ஆகவே காசோலை வங்கிக்கு வந்தே விட்டது, பதிவில்தான் இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றன. இதைத் திருப்பி எழுதக் கூடாது. விடுபட்ட 540க்கு வழங்குநர் கணக்கில் பற்றும் வங்கிக் கணக்கில் வரவும் வைத்தால் போதும்.

1219ஆம் எண்ணில், போக்குவரத்து நிறுவனத்தின் பேரேட்டில் 14,200 பற்று இருப்பு நிற்கிறது. அதே பில்லுக்கு 2024 நவம்பரில் வங்கிப் பரிமாற்றத்தில் பணம் போயிருப்பது வங்கி அறிக்கையிலும் தெரிகிறது. இங்கே கடன் ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. காசோலைப் பதிவைத் திருப்பினால் அவர் கணக்கின் பற்று இருப்பு மறைந்து, இருப்பு சுழியமாகிவிடும்.

1182ஆம் காசோலையும் 1207ஆம் காசோலையும் உண்மையிலேயே காலாவதியானவை. அச்சகத்துக்குக் காசோலை கூரியரில் போயிருக்கிறது. அவர்கள் பக்கத்தில் அது கைக்கு வந்ததாகத் தெரியவில்லை. ஊழியர் விலகிய பிறகு முகவரி மாறிவிட்டார்.

பெறுநரிடம் கேட்பதும் வங்கிக்கு எழுதுவதும்

பெறுநருக்கு எழுதும் கடிதத்தில் காசோலை எண், தேதி, தொகை, எந்தப் பில்லுக்கானது ஆகிய நான்கையும் குறிப்பிட்டு, காசோலை தம்மிடம் இருந்தால் திருப்பித் தருமாறும், தொலைந்திருந்தால் அதை எழுத்தில் உறுதிசெய்யுமாறும் கேட்க வேண்டும். அவர்கள் புத்தகத்தில் நமக்குரிய இருப்பு எவ்வளவு என்றும் சேர்த்துக் கேட்பது பயன் தரும். அந்தப் பில்லை அவர்கள் தள்ளுபடி செய்துவிட்டார்களா, வேறு பாக்கியில் ஈடுகட்டிவிட்டார்களா என்பது அந்த ஒரு பதிலில் தெரிந்துவிடும். பதில் வராவிட்டாலும் பதிவைத் தள்ளிப்போட வேண்டாம். நாம் வரவை அவர்கள் பெயரிலேயே வைக்கப் போகிறோம் என்பதால், அவர்கள் உரிமை எதுவும் பறிபோவதில்லை.

வங்கிக்குப் பணம் கொடுப்பதை நிறுத்தும் அறிவுறுத்தலை, அதாவது ஸ்டாப் பேமென்ட் கடிதத்தை, பதிவுக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். காலாவதியான காசோலைக்கு இது எதற்கு, கட்டணம் வீண் என்று சிலர் வாதிடுவார்கள். சிறு தொகைகளில் அந்த வாதத்துக்கு இடமுண்டு. ஆனால் புதிய காசோலை கொடுக்கப் போகிறோம் என்றால், தொகை எவ்வளவாக இருந்தாலும், இந்தப் படியைத் தவிர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதே கடனுக்கு இரண்டு காசோலைகள் வெளியே உலவும் நிலை அப்போதுதான் உண்டாகிறது. அறிவுறுத்தலின் ஆயுளையும் வங்கியிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்; எடுத்துக்காட்டாக, அமெரிக்கச் சட்டத் தொகுப்பில் எழுத்து மூலமான நிறுத்த ஆணை 6 மாதமே செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். வங்கி தந்த ஒப்புகையை வவுச்சரோடு இணைத்து வைக்க வேண்டும். காசோலை திரும்பக் கைக்கு வந்திருந்தால், குறுக்கே ரத்து என்று எழுதி, கையொப்பப் பகுதியைச் சிதைத்து, அடிக்கட்டையோடு சேர்த்துப் பாதுகாக்க வேண்டும். கிழித்து எறிந்துவிட்டால், ரத்தானதற்குச் சான்று இல்லாமல் போய்விடும்.

பதிவு

நம் எடுத்துக்காட்டில், 2025 ஜூன் 30 தேதியிட்டு வரும் பதிவுகள் இவை:

வங்கிக் கணக்கு பற்று 18,500. அச்சகம் கணக்கு வரவு 18,500.
வங்கிக் கணக்கு பற்று 9,750. வழங்கப்படாத சம்பளம் கணக்கு வரவு 9,750.
வங்கிக் கணக்கு பற்று 14,200. போக்குவரத்து நிறுவனம் கணக்கு வரவு 14,200.
எழுதுபொருள் வழங்குநர் கணக்கு பற்று 540. வங்கிக் கணக்கு வரவு 540.

ஒவ்வொன்றின் விளக்கக் குறிப்பிலும் காசோலை எண்ணும் அதன் மூலத் தேதியும் இடம்பெற வேண்டும். நான்கையும் ஒரே கூட்டுப் பதிவாகப் போட்டு மொத்தத் தொகையை வங்கியில் ஏற்றுவது எழுதும்போது எளிதாகத் தோன்றும். ஆனால் கணக்கு மென்பொருளின் சரிக்கட்டும் திரையில் காசோலையோடு காசோலையைப் பொருத்த முடியாமல் போகும். தனித்தனியாகவே போட வேண்டும்.

வரவு எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்பதில் சற்று நிதானம் வேண்டும். தொடர்ந்து கொடுக்கல் வாங்கல் உள்ள வழங்குநராக இருந்தால் அவருடைய சொந்தப் பேரேட்டுக் கணக்கே சரியான இடம். அடுத்த முறை பாக்கியைக் கணக்கிடும்போது தானாகவே கண்ணில் படும். ஒருமுறை மட்டும் பணம் பெற்றவராக இருந்தால், காசோலை எழுதிய அன்று நேரடியாகச் செலவுக் கணக்கில் பற்று வைத்திருப்போம். அவருக்கெனத் தனிப் பேரேடு இருக்காது. இங்கேதான் பலர் செலவுக் கணக்கையே திருப்பிவிடுகிறார்கள். சேவையைப் பெற்றுக்கொண்டாயிற்று, செலவும் உண்மையிலேயே ஏற்பட்டுவிட்டது. கொடுபடாமல் இருப்பது பணம் மட்டும்தான். ஆகவே செலவைத் தொடாமல், காலாவதிக் காசோலைகள் என்ற பெயரில் நடப்புப் பொறுப்புகளின் கீழ் ஒரு கணக்கைத் திறந்து அதில் வரவு வைக்க வேண்டும். அந்தக் கணக்கின் இருப்புக்கு எப்போதும் பெயர்வாரியான பட்டியல் ஒன்று கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு ஆண்டுகளில் அது யாருக்கும் விளங்காத ஒரு மொத்தத் தொகையாகிவிடும். ஈவுத்தொகை, சம்பளம் போன்றவற்றுக்குத் தனிச் சட்ட விதிகள் இருப்பதால், அவற்றை இந்தப் பொதுக் கணக்கில் கலக்காமல் தத்தமக்குரிய பொறுப்புக் கணக்கிலேயே வைப்பது நல்லது.

செலவைத் திருப்பி எழுதுவது சரியாக இருக்கும் நிலை ஒன்று உண்டு: அந்தக் காசோலை எழுதப்பட்டதே தவறு, பொருளோ சேவையோ வரவே இல்லை, கடன் என ஒன்று இருந்ததே இல்லை என்று ஆவணத்தோடு நிறுவப்பட்டால் மட்டும்.

சரிக்கட்டும் திரையில் இரண்டு தேதிகள்

பதிவு போட்டதோடு வேலை முடிந்துவிட்டதாக நினைத்து நிறுத்திவிடுவதால்தான் பட்டியல் மேலும் நீளமாகிறது. திருப்பிய பதிவு வங்கிக் கணக்கில் ஒரு பற்று; மென்பொருளின் பார்வையில் அது வங்கியில் போட்டும் இன்னும் வரவாகாத தொகை. மூலக் காசோலையோ இன்னும் வராத காசோலையாகவே நிற்கிறது. 18,500 ஒரு பக்கம் கூட்டலிலும் இன்னொரு பக்கம் கழித்தலிலும் வந்து, ஒன்றையொன்று ஈடுகட்டும். மொத்தம் பொருந்தும், ஆனால் இரண்டு பொய்யான வரிகள் ஒவ்வொரு மாதமும் தொடரும்.

ஆகவே மூலக் காசோலைப் பதிவுக்கும் திருப்பிய பதிவுக்கும் ஒரே வங்கித் தேதியைக் கொடுத்து, இரண்டையும் ஒன்றோடொன்று பொருத்திவிட வேண்டும். டேலியில் திருப்பிய பதிவை `Receipt` வவுச்சராகப் போட்டு, சரிக்கட்டும் திரையில் இரு வரிகளின் `Bank Date` கட்டத்திலும் திருப்பிய நாளின் தேதியை, நம் எடுத்துக்காட்டில் 30.06.2025 என்பதை, எழுத வேண்டும். மூலக் காசோலைக்கு அதன் பழைய தேதியான 12.08.2024ஐ வங்கித் தேதியாகக் கொடுத்துவிட்டால், ஆகஸ்ட் 2024 முதல் மே 2025 வரையிலான எல்லாப் பட்டியல்களிலும் அந்தக் காசோலை மறைந்து, அவை ஒவ்வொன்றிலும் 18,500 வித்தியாசம் தோன்றும். ஏற்கெனவே கையொப்பமிட்டுக் கோப்பில் வைத்த பட்டியலை இன்று மறுபடி அச்சிட்டால் வேறு தொகை வருகிறது என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

1234ஆம் எண்ணுக்கு வழி சற்றே வேறு. அங்கே 6,390 மூலப் பதிவும் 540 திருத்தப் பதிவும் சேர்ந்து, வங்கி அறிக்கையின் 6,930 என்ற ஒரே வரிக்குப் பொருந்துகின்றன. இவற்றுக்கும் ஜூன் 30 என்றே வங்கித் தேதி கொடுத்தால் பழைய பட்டியல்கள் கலையாமல் இருக்கும். வங்கி உண்மையில் பற்று வைத்த தேதி 14.11.2024 என்பதை விளக்கக் குறிப்பில் எழுதிவிடலாம்.

இவ்வளவும் முடிந்த பின் ஜூன் 30 பட்டியல்:

புத்தகத்தின்படி இருப்பு: 3,81,910
கூட்டுக, வராத காசோலைகள் 1310, 1313: 53,400
கழிக்க, இன்னும் வரவாகாத தொகை: 25,000
வங்கி அறிக்கையின்படி இருப்பு: 4,10,310

புத்தக இருப்பு 3,40,000இல் இருந்து 42,450 கூடி, 540 குறைந்திருக்கிறது. நிகர ஏற்றம் 41,910. பட்டியலிலிருந்து வெளியேறிய காசோலைகள் 48,840, வெளியேறிய வங்கிப் பற்று 6,930. வித்தியாசம் அதே 41,910. இந்த இரண்டு எண்களையும் ஒப்பிடுவதே வேலை சரியா என்று அறியும் சோதனை. வங்கி அறிக்கையின் இருப்பு ஒரு காசும் மாறியிருக்கக் கூடாது, ஏனெனில் வங்கியில் எதுவும் நடக்கவில்லை. இலாபநட்டக் கணக்கையும் ஒருமுறை பார்க்க வேண்டும். அதுவும் மாறியிருக்கக் கூடாது. ஒருவேளை 42,450ஐயும் இதர வருமானத்தில் வைத்திருந்தாலும் இந்தப் பட்டியல் இதேபோல் அழகாகப் பொருந்தியிருக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். சரிக்கட்டும் பட்டியல் வங்கிப் பக்கத்தை மட்டுமே சோதிக்கிறது. மறுபக்கத்தில் எந்தக் கணக்கு என்பதை அது கேட்பதில்லை.

முடிந்த ஆண்டைத் தொடாமல்

மேலே உள்ள நான்கு காசோலைகளும் 2024ஆம் ஆண்டைச் சேர்ந்தவை; அந்த ஆண்டுக் கணக்கு முடிந்துவிட்டது. மென்பொருளில் மூலப் பதிவையே அழித்துவிடுவதோ ரத்து செய்வதோ மிக எளிது. ஆனால் அப்படிச் செய்தால் பல மென்பொருள்களில் அந்தத் தொகை மூலத் தேதியிலேயே சுழியமாகிவிடும். 2024 டிசம்பர் 31 இருப்புநிலைக் குறிப்பில் கையொப்பமிட்ட வங்கி இருப்பும் கடனீந்தோர் இருப்பும் மாறிவிடும். நடப்பாண்டின் தொடக்க இருப்பும் அதனால் பொருந்தாமல் போகும். முடிந்த காலத்தைப் பூட்டி வைத்து, திருத்தத்தை இன்று திறந்திருக்கும் மாதத்தில் போடுவதே முறை. தொகை கணக்கையே திரித்துக் காட்டும் அளவுக்குப் பெரிதாக இருந்தால் மட்டும், முந்தைய ஆண்டின் எண்களைத் திருத்திக் காட்டுவது பற்றித் தணிக்கையாளரோடு பேச வேண்டும்.

இந்தச் சிக்கலே எழாமலிருக்க, ஆண்டு முடிவதற்கு முந்தைய மாதத்தில் பழைய காசோலைகளை எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. விசாரிக்க ஒரு மாதம் கிடைக்கும்; பதிவும் உரிய ஆண்டிலேயே விழும்.

பின்னர் வருபவை

அச்சகம் புதிய காசோலை கேட்டால், அச்சகம் கணக்கில் பற்று, வங்கிக் கணக்கில் வரவு. இந்த இடத்தில் பழைய பில்லை மறுபடி எடுத்துச் செலவாகப் பதிந்துவிடும் ஆபத்து இருக்கிறது. செலவு 2024இலேயே ஏறிவிட்டது. காலாவதிக் காசோலைகள் கணக்கில் வைத்திருந்த தொகையாக இருந்தால் அந்தக் கணக்கிலேயே பற்று வைத்து, பெயர்வாரிப் பட்டியலிலிருந்து அந்த வரியை நீக்க வேண்டும்.

திருப்பி எழுதிய பிறகும் பழைய காசோலைக்கு வங்கி பணம் கொடுத்துவிட்டால், அடுத்த மாத அறிக்கையில் புத்தகத்தில் இல்லாத ஒரு பற்றாக அது தோன்றும். புதிய காசோலை இன்னும் கொடுக்கவில்லை என்றால், பொறுப்புக் கணக்கில் பற்று, வங்கியில் வரவு என்று எழுதிவிட்டால் போதும். புதியதும் போய்விட்டது என்றால் பெறுநர் கணக்கில் பற்று இருப்பு எழும். அவரிடமிருந்து வசூலிக்க வேண்டும். நிறுத்த அறிவுறுத்தல் செல்லுபடியாக இருந்தபோதே வங்கி கொடுத்திருந்தால், ஒப்புகையைக் காட்டி வங்கியிடமே கேட்கலாம். அதைப் பத்திரமாக வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

பழைய வரவு இருப்புகள் கையாடலுக்கு வசதியான இடம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். யாரும் கேட்டு வராத 18,500ஐத் திருப்பி எழுதி, பிறகு வேறொரு பெயரில் காசோலை எடுப்பது கடினமான காரியமல்ல. ஆகையால் திருப்பி எழுதும் பதிவைப் போடுபவரும், புதிய காசோலையில் கையொப்பமிடுபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. மறுவழங்கலின் பெறுநர் பெயர் மூலக் காசோலையின் பெயரோடு ஒத்திருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு மூன்றாவது ஒருவரிடம் இருந்தால் இன்னும் நல்லது.

கேட்பாரற்ற பொறுப்பை எப்போது வருமானத்துக்கு மாற்றலாம் என்ற கேள்வி கடைசியில் வரும். கடன் சட்டப்படி அழிந்த பிறகு, அல்லது கடனீந்தவர் எழுத்தில் விட்டுக்கொடுத்த பிறகுதான் மாற்றலாம். இந்தியாவில் 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி சாதாரண ஒப்பந்தக் கடனுக்கு வழக்குத் தொடரும் காலம் 3 ஆண்டு. ஆனால் அந்தக் காலம் முடிந்தால் வழக்குத் தொடரும் வழி அடைபடுகிறதே ஒழிய, கடன் அழிந்துவிடுவதில்லை. அமெரிக்க மாநிலங்களில் உரிமை கோரப்படாத சொத்துச் சட்டங்கள் உள்ளன. குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அந்தத் தொகையை மாநில அரசிடம் ஒப்படைக்க வேண்டும், நிறுவனம் தன் வருமானமாக எடுத்துக்கொள்ள முடியாது. வரி விளைவும் உண்டு: முன்பு செலவாகக் கழித்துக்கொண்ட தொகையைப் பொறுப்பிலிருந்து நீக்கினால், நீக்கிய ஆண்டில் அது பொதுவாக வரிக்குரிய வருமானமாகும். எனவே பொறுப்பிலிருந்து வருமானத்துக்கு மாற்றும் பதிவு, காசோலையைத் திருப்பி எழுதும் பதிவோடு ஒரே நாளில் ஒருபோதும் வரக் கூடாது. முன்னதற்குக் காசோலையின் வயது போதும். பின்னதற்கு அந்தக் கடன் இனி இல்லை என்பதற்கான ஆவணமும், நிர்வாகத்தின் எழுத்து மூலமான ஒப்புதலும் வேண்டும்.